சஷ்டி முதல் நாள், பகல் பன்னிரண்டு மணித் தலையிடி

எங்கள் வீட்டில் கந்தசஷ்டிக்கென்றே ஒரு தலையிடி இருக்கிறது. முதல் நாள் விடியக்காலை ஒன்றும் இருக்காது. பத்து மணிக்குக் கொட்டாவி தொடங்கும். பன்னிரண்டு மணிக்குப் பிடரியில் ஒரு இறுக்கம் வந்து, மெல்ல மேலேறி, இரண்டு கண்களுக்கும் பின்னால் போய் நின்று துடிக்கும். குனிந்து கோலம் போட முடியாது. இரண்டாம் நாள் அதைவிட மோசம். மூன்றாம் நாள் பின்னேரம் பிடி தளரும். நான்காம், ஐந்தாம், ஆறாம் நாட்களில் தலை தெளிந்த வானம் மாதிரி இருக்கும். அம்மாவுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான், அம்மம்மாவும் அப்படித்தான் நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு கிடப்பார்.

"முதல் ரெண்டு நாளும் வயிறு பழகுமட்டும் அப்பிடித்தான் புள்ள. மறுகா ஒண்டும் தெரியாது." இது அம்மாவின் விளக்கம். முப்பது வருடமாக நானும் அதை நம்பினேன். பசித் தலையிடி என்றுதான் வீட்டில் அதற்குப் பெயர்.

எங்கள் வீட்டு விரத முறையைச் சொல்ல வேண்டும். பகல் முழுக்கத் தண்ணீர் மட்டும். இரவு பூசை முடிந்து பாலும் பழமும். தேத்தண்ணி ஆறு நாளும் இல்லை. தேத்தண்ணி வாயில் பட்டால் விரதம் போயிற்று என்பது அம்மாவின் கணக்கு. ஆனால் கல்லடியில் எல்லா வீட்டிலும் இந்தக் கணக்கு இல்லை. பக்கத்து வீட்டு மாமி அதே ஆறு நாளும் பிடிப்பவர், எங்களைவிடக் கடுமையாக. இரவில் பால் கூடக் குடிக்க மாட்டார், பழம் மட்டும்தான். ஆனால் காலையில் குளித்துச் சாமி கும்பிட்டதும் ஒரு பிளேன்டீ குடிப்பார். அவருக்குத் தலையிடி வந்து நான் பார்த்ததே இல்லை.

இது எனக்கு உறைக்க ஏன் இத்தனை வருடம் எடுத்தது என்று தெரியவில்லை. பசிதான் காரணம் என்றால் கூடப் பட்டினி கிடக்கிற மாமிக்கல்லவா கூட இடிக்க வேண்டும்? பசிதான் காரணம் என்றால் ஆறாம் நாள் அல்லவா முதல் நாளைவிட மோசமாக இருக்க வேண்டும்? பட்டினி நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறது, தலையிடியோ மூன்றாம் நாளோடு இறங்கிவிடுகிறது.

இதை நான் முதலில் வாய்விட்டுச் சொன்னது என்னோடு படிப்பிக்கிற காத்தான்குடி ரீச்சரிடம். ஆசிரியர் அறையில் எங்கள் மேசைகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அவர் சொன்னார்: "ரீச்சர், எங்கட ஊர்ல நோன்பு தலைப்பிறை கண்டா மறுநாள் அஸருக்கு முன்னால பாதிப் பேருக்குத் தலையிடி. எனக்கு மூணு மணிக்கு வரும். நோன்பு திறந்து கஞ்சி குடிச்சாலும் போகாது. அதுக்குப் பிறகு தேத்தண்ணி குடிச்சாத்தான் போகும்."

அந்தக் கடைசி வசனத்தை அவர் ஒரு சாதாரண விஷயமாகச் சொல்லிவிட்டு அப்பியாசக் கொப்பிகளைத் திருத்தத் தொடங்கிவிட்டார். கஞ்சியில் போகாத தலையிடி தேத்தண்ணியில் போகிறது. அரிசி, இறைச்சி, தேங்காய்ப்பால் எல்லாம் வயிற்றுக்குள் போன பிறகும் நிற்கிற வலியைப் பசி என்று எப்படிச் சொல்வது?

அந்த வாரமே இரண்டு சனிக்கிழமைகளை இதற்காக ஒதுக்குவதென்று முடிவு செய்தேன். விரதம் இல்லாத சாதாரண நாட்கள். முதல் சனிக்கிழமை நேரத்துக்குச் சாப்பிட்டேன்: காலையில் பிட்டும் சொதியும், பத்தரைக்கு இரண்டு வாழைப்பழம், பகல் சோறு, போதுமான தண்ணீர். தேத்தண்ணி மட்டும் இல்லை. அடுத்த சனிக்கிழமை தலைகீழாக: பகல் மூன்று மணி வரை சாப்பாடே இல்லை, ஆனால் வழக்கமான நேரங்களில் சீனி போடாத பிளேன்டீ. முதல் நாள் இரவு நித்திரையை இரண்டு தடவையும் ஒரே அளவாக வைத்துக்கொண்டேன், ஏனென்றால் நித்திரைக் குறைவும் தலையிடி தரும்.

வயிறு நிறைந்த சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு அதே பிடரி இறுக்கம், அதே கண் துடிப்பு. நான்கரை மணிக்கு ஒரு கோப்பை நல்ல சாயமாக ஊற்றிக் குடித்தேன். ஐந்து மணிக்குப் பாதி போயிருந்தது. ஐந்தரைக்கு வலி இருந்த இடமே தெரியவில்லை. பட்டினிச் சனிக்கிழமை வயிறு கத்தியது, கை கொஞ்சம் நடுங்கியது, எரிச்சல் வந்தது. தலை மட்டும் இடிக்கவில்லை.

ஒருவர் இரண்டு நாள் செய்து பார்த்ததை ஆய்வு என்று சொல்ல முடியாது. தேத்தண்ணி குடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், வலி வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டும் இருந்தேன். எதிர்பார்ப்பே வலியைக் கூட்டலாம். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டுமானால் குடிப்பவருக்கே தான் என்ன குடிக்கிறோம் என்று தெரியக்கூடாது. அப்படிச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். 1943 இலேயே ட்ரைஸ்பாக், ஃபைஃபர் என்ற இருவர் தேத்தண்ணியிலும் கோப்பியிலும் இருக்கிற கஃபீனை நிறுத்தினால் வரும் தலையிடியை ஆய்வுகூடத்தில் வரவழைத்துக் காட்டி எழுதினார்கள். 1992 இல் அமெரிக்காவில் 62 பேரை வைத்து நடந்த ஆய்வு இன்னும் தெளிவானது. அவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 235 மில்லிகிராம் கஃபீன் எடுத்துக்கொண்டிருந்த சாதாரண மனிதர்கள், பெரும் கோப்பிப் பிரியர்கள் அல்ல. சாப்பாடு, பானம் எல்லாவற்றிலும் கஃபீனை நீக்கிவிட்டு, குளிசையில் மட்டும் ஒரு தடவை அவர்களுடைய வழக்கமான அளவு கஃபீனையும் இன்னொரு தடவை ஒன்றுமில்லாத வெறும் மாவையும் கொடுத்தார்கள். எது எப்போது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, விழுங்கியவருக்கும் தெரியாது. வெறும் குளிசை விழுங்கிய இரண்டு நாட்களில் பாதிப் பேருக்குக் கொஞ்சம் மேல், 52 வீதமானவர்களுக்கு, நடுத்தரமான அல்லது கடுமையான தலையிடி வந்தது. கஃபீன் குளிசை நாட்களில் அது 6 வீதம். ஆக, இது மனப்பிரமை இல்லை. அதே நேரம் எல்லோருக்கும் வருவதும் இல்லை. எங்கள் வீட்டில் தம்பிக்கு வராது. அவனும் எங்கள் அளவுதான் குடிக்கிறான்.

235 மில்லிகிராம் என்றால் எத்தனை கோப்பை? இதை எங்கள் குசினியிலேயே கணக்குப் பார்க்கலாம். தேயிலையின் எடையில் ஏறத்தாழ 2 முதல் 4 வீதம் கஃபீன். ஒரு தேக்கரண்டித் தூள் கிட்டத்தட்ட 2 கிராம். 3 வீதம் என்று வைத்தால் 60 மில்லிகிராம். எல்லாம் தண்ணீருக்குள் இறங்குவதில்லை, ஆகவே ஒரு கோப்பைக்கு 40, 50 என்று எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் பாவிக்கிற தூள் பொடி ரகம், சாயம் சீக்கிரம் இறங்கும். வடியைப் பிழிந்து ஊற்றுகிற பழக்கமும் இருக்கிறது. அதனால் என் கோப்பைக்கு நான் 50 என்றே போட்டேன். பால் விட்டால் கஃபீன் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். குறையாது, நிறம்தான் வெளுக்கும்.

என் நாள் இப்படி: காலை ஐந்தரைக்குப் பால் தேத்தண்ணி, ஏழு மணிக்குப் பள்ளிக்கூடம் வெளிக்கிட முன் அரைக் கோப்பை, பத்தரை இடைவேளைக்குப் பிளேன்டீ, பின்னேரம் நான்கரைக்குப் பால் தேத்தண்ணி. மொத்தம் 175. நான் கோப்பியே குடிப்பதில்லை, தேத்தண்ணிப் பைத்தியமும் இல்லை. சர்வதேசத் தலையிடிச் சங்கத்தின் வரையறையில் இரண்டு வாரத்துக்கு மேல் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் எடுத்துக்கொண்டவருக்கு வரும் வலி என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் 100 மில்லிகிராம் பழக்கத்திலேயே, அதாவது இரண்டு கோப்பையிலேயே, இது வருவதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். "நான் ரெண்டு தரம்தான் குடிக்கிறன், எனக்கென்ன" என்பது அவ்வளவு பாதுகாப்பான இடம் இல்லை.

சரி, ஏன் வருகிறது?

மூளை வேலை செய்யச் செய்ய அடினோசின் என்ற ஒரு பொருள் சேரும். எரிபொருள் எரிந்து மிஞ்சுகிற கரி மாதிரி. அது மூளைக் கலங்களில் தனக்கென்று இருக்கிற வாங்கிகளில் போய் ஒட்டிக்கொண்டால், "போதும், களைப்பாறு" என்ற செய்தி போகும். நித்திரை வரும், அங்குள்ள இரத்தக் குழாய்கள் விரியும். கஃபீனின் உருவம் அடினோசினின் உருவத்தை ஒத்திருப்பதால் அதே வாங்கிகளில் போய் உட்காரும். ஆனால் உட்கார்ந்துகொண்டு ஒரு செய்தியும் அனுப்பாது.

இதை நான் வாவிக்கரையை வைத்துத்தான் எனக்கு விளங்கப்படுத்திக்கொண்டேன். கரையில் தோணி கட்ட முளைகள் அடித்திருக்கின்றன. மீன் ஏற்றிய தோணிகள் வந்து கட்டினால் கரையில் வேலை தொடங்கும். விடியக்காலை வெறுந்தோணிகள் முதலில் வந்து முளைகளில் கட்டிக்கொண்டால் மீன் தோணிகளுக்கு இடம் இல்லை, அவை தண்ணீரிலேயே நிற்கும். கஃபீன்தான் அந்த வெறுந்தோணி. இது ஒரு நாள் நடந்தால் பரவாயில்லை. தினமும் நடந்தால் கரைக்காரர்கள் என்ன செய்வார்கள்? இன்னும் சில முளைகளை அடிப்பார்கள். மூளையும் அதைத்தான் செய்கிறது. தினமும் தேத்தண்ணி குடிப்பவரின் மூளை அடினோசின் வாங்கிகளைக் கூட்டிக்கொள்கிறது, அல்லது இருக்கிறவற்றைக் கூர்மையாக்கிக்கொள்கிறது. பிறகு ஒரு நாள் வெறுந்தோணிகள் வரவே இல்லை. கூடுதலாக அடித்த முளைகள் எல்லாம் காலியாக இருக்கின்றன. காத்துநின்ற மீன் தோணிகள் ஒரேயடியாக வந்து கட்டுகின்றன. அடினோசினின் செய்தி வழக்கத்தைவிட உரத்துக் கேட்கிறது: அளவுக்கு மீறிய கொட்டாவி, அளவுக்கு மீறிய சோர்வு, அளவுக்கு மீறி விரிந்த நாளங்கள்.

மூளைக்கென்று வலி தெரியாது. அதைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கும் அங்குள்ள குழாய்களுக்கும்தான் வலி நரம்பு இருக்கிறது. கஃபீனை நிறுத்தியவர்களின் மூளைக் குழாய்களில் இரத்தம் வழக்கத்தைவிட வேகமாக ஓடுவதை மண்டையோட்டுக்கு வெளியிலிருந்து ஒலியலை வைத்து அளந்திருக்கிறார்கள். கஃபீன் கொடுத்ததும் அது இறங்கியது. அதனால் குனியும்போதும் படியேறும்போதும் துடிப்பு கூடுவது எனக்கு ஆச்சரியமாகப் படவில்லை. ஆனால் குழாய் விரிவதுதான் முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அடினோசின் வலி நரம்புகளையே நேரடியாகத் தொடவும் செய்கிறது.

மற்றக் கேள்வி, ஏன் சரியாகப் பகல் பன்னிரண்டு? கஃபீனை ஈரல்தான் கழிக்கிறது. உள்ளே இருப்பதில் பாதியைக் கழிக்கச் சராசரியாக 5 மணித்தியாலம் எடுக்கும். ஆளுக்கு ஆள் இது மாறும்: புகைப்பவர்களுக்குக் குறைவு, கர்ப்பிணிகளுக்கு மிகவும் கூட. நான் கடைசித் தேத்தண்ணியைச் சஷ்டிக்கு முதல் நாள் பின்னேரம் நான்கரைக்குக் குடிக்கிறேன். இரவு ஒன்பதரைக்குப் பாதி. அதிகாலை இரண்டரைக்குக் கால்வாசி. ஏழரைக்கு அரைக்கால். தலையிடி தொடங்குவது கடைசிக் கோப்பைக்குப் பிறகு 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. உச்சம் 20 முதல் 51 மணித்தியாலத்துக்குள். என் நான்கரையிலிருந்து எண்ணினால் முதல் நாள் பகல் பன்னிரண்டு மணி பத்தொன்பதரை மணித்தியாலம். 51 ஆவது மணித்தியாலம் இரண்டாம் நாள் இரவு ஏழரை. மூன்றாம் நாள் பிடி தளர்வதும் நான்காம் நாள் தெளிவதும் அதனால்தான்: வெறுந்தோணி வராது என்று கரை ஒப்புக்கொண்டு, கூடுதல் முளைகளைப் பிடுங்கத் தொடங்கிவிட்டது. சிலருக்கு இது இரண்டு நாளில் முடியும், சிலருக்கு ஒன்பது நாள் வரை இழுக்கும். அம்மா சொன்ன "பழகுமட்டும்" என்ற சொல் சரிதான். பழகுவது வயிறு இல்லை, தலை.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு எனக்கு வேறொன்றும் விளங்கியது. சாதாரண நாட்களிலும் ஒவ்வொரு இரவும் நான் இந்த நிறுத்தத்தின் முதல் 13 மணித்தியாலத்தைக் கடந்துகொண்டுதான் இருக்கிறேன். காலை ஐந்தரைக்குத் தேத்தண்ணி குடித்ததும் கண் திறக்கிறதே, அந்தத் தெளிவில் ஒரு பங்கு தேத்தண்ணி புதிதாகக் கொடுத்தது இல்லை. இரவில் தொடங்கிய சோர்வை அது துடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எட்டரை வரை படுத்து ஒன்பதரைக்குத் தேத்தண்ணி குடிக்கிற நாட்களில் வருகிற மொட்டைத் தலையிடியும் இதே சாதிதான். காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் குத்தக் கொடுக்கப் போய், வரிசையில் நின்று, பத்து மணிக்குத் தலையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கும் அப்படி.

காத்தான்குடி ரீச்சருக்கும் இந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டுக் கொடுத்தேன். அவருடையது என்னுடையதைவிட வித்தியாசமானது, ஏனென்றால் நோன்பில் தேத்தண்ணி நிற்பதில்லை, நேரம்தான் மாறுகிறது. அவர் தராவீஹ் தொழுகை முடிந்து ஒன்பது மணிக்குக் கடைசித் தேத்தண்ணி குடிப்பார். சஹருக்குக் குடிப்பதில்லை, பகலில் தாகம் எடுக்கும் என்ற பயம். அப்படியென்றால் மறுநாள் நோன்பு திறக்கிற ஆறேகால் வரை 21 மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல். வலி வருகிற மூன்று மணி 18 ஆவது மணித்தியாலம். பொருந்துகிறது. சஹர் முடிகிற நேரத்தில், ஐந்து மணிக்கு முன்னதாக, ஒரு பிளேன்டீ குடித்தால் இடைவெளி பதின்மூன்றரை மணித்தியாலமாகச் சுருங்கிவிடும். தாகத்தைப் பற்றிய பயத்துக்கும் பெரிய இடமில்லை. வழக்கமாகத் தேத்தண்ணி குடிக்கிறவருக்கு ஒரு கோப்பை கொடுக்கிற தண்ணீரைவிட அது சிறுநீரில் வெளியே தள்ளுகிற தண்ணீர் குறைவு. அடுத்த நோன்பில் அவர் அதைச் செய்து பார்த்தார். தலைநோன்பன்று நான்கு மணிக்கு ஆசிரியர் அறை வட்ஸ்அப் குழுவில், "ரீச்சர், இன்னும் வரல்ல" என்று ஒரு செய்தி. ஆறு மணிக்கு, "லேசா ஒரு பாரம் மட்டும்." எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முழுதாக நிறுத்துகிற எங்கள் சஷ்டிக்கு அது உதவாது. அதற்கு முன்கூட்டியே இறங்கி வர வேண்டும். மூன்று வாரம் எடுத்தேன். முதலில் ஏழு மணி அரைக் கோப்பையை விட்டேன், நான்கு நாள் அப்படியே இருந்தேன். பிறகு பத்தரைப் பிளேன்டீயை அரையாக்கினேன், இன்னொரு நான்கு நாள். பிறகு அதையும் விட்டேன். பிறகு நான்கரையை மல்லித்தண்ணியாக மாற்றினேன். மல்லியில் கஃபீன் கிடையாது. இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி என்றால் அது தேத்தண்ணிதான், கஃபீன் அப்படியே இருக்கும், ஏமாறக்கூடாது. கடைசி வாரம் காலைக் கோப்பை ஒன்று மட்டும், அதையும் பாதித் தூளில். பாதித் தூள் என்றால் 25 மில்லிகிராம். இந்த 25 ஐ நான் சும்மா எடுக்கவில்லை. நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் பழகியவர்களுக்கு அதை வெறும் 25 ஆகக் குறைத்தாலும் பெரிய தலையிடி வராமல் தடுத்துவிடலாம் என்று ஒரு ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அவ்வளவு சிறிய அளவு போதும் என்பது இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை. பக்கத்து வீட்டு மாமியின் ஒற்றைப் பிளேன்டீ ஆறு நாளும் அவரைக் காப்பாற்றிய இரகசியமும் அதுதான்.

குளிசையைப் பற்றி ஒன்று. தலையிடி என்றதும் எங்கள் வீடுகளில் பரசிற்றமோல் எடுப்போம். கடையில் அதிலேயே கஃபீன் சேர்த்த ரகமும் இருக்கிறது, ஒரு குளிசையில் பெரும்பாலும் 65 மில்லிகிராம், இரண்டு போட்டால் 130. பெட்டியின் பின்பக்கம் எழுதியிருக்கும். ஒரு வருடம் அம்மா இரண்டாம் நாள் இரவு பாலோடு அதில் இரண்டு போட்டார். ஒரு மணித்தியாலத்தில் எழும்பி நடமாடினார், "நல்ல மருந்து" என்றார். நல்ல மருந்துதான், ஆனால் அவர் விரதத்துக்காக விட்ட மூன்று கோப்பைத் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்ததற்குச் சமம் அது. அதனால் மறுநாள் அதே நேரத்துக்கு வலி திரும்பி வந்தது. அன்றும் இரண்டு போட்டார். அந்த வருடம் அவருக்கு ஆறு நாளும் தலையிடி. நாங்கள் வயது போவதால் என்று நினைத்தோம். இப்போது திரும்பிப் பார்க்கும்போது விளங்குகிறது, கரை ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. இந்த ரகக் குளிசையை மாதத்தில் பத்து நாளுக்கு மேல் என்று மாதக்கணக்கில் போட்டால் குளிசையே தலையிடிக்குக் காரணமாகிவிடும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். கஃபீன் இல்லாத சாதாரண பரசிற்றமோல் வலியைக் கொஞ்சம் தணிக்கும், கணக்கைக் குழப்பாது.

சஷ்டி வருவது மாரி தொடங்குகிற காலத்தில். மட்டக்களப்பில் அதுவே டெங்குக் காலமும். கண்ணுக்குப் பின்னால் வலி என்பது டெங்குவிலும் வரும். உடம்பு சுட்டால் அது தேத்தண்ணித் தலையிடி இல்லை, ஏனென்றால் கஃபீனை நிறுத்துவதால் காய்ச்சல் வராது. டெங்கு என்று சந்தேகம் இருந்தால் அஸ்பிரினோ இப்யூபுரொஃபனோ போடக்கூடாது, இரத்தப்போக்கைக் கூட்டும். வாழ்க்கையில் கண்டிராத வலி ஒரு நொடியில் வந்து இறங்கினாலும், கழுத்து விறைத்தாலும், பார்வை மங்கினாலும், கை கால் ஒரு பக்கம் சோர்ந்தாலும் விரதத்தைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒன்பது நாள் தாண்டியும் நிற்காத வலிக்கும் வேறு காரணம் தேட வேண்டும். தேத்தண்ணித் தலையிடிக்கு ஒரு அடையாளம் இருக்கிறது: ஒரு நல்ல கோப்பி அல்லது இரண்டு கோப்பைத் தேத்தண்ணி, அதாவது 100 மில்லிகிராம், குடித்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடும். அப்படிப் போகவில்லை என்றால் நான் இங்கே எழுதியிருப்பது உங்கள் தலையிடி இல்லை.

சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். என் பெரியம்மாவுக்குக் குடலிறக்கத்துக்கு வெட்டியபோது, மயக்கம் தெளிந்து பின்னேரம் கடுமையான தலையிடி. மயக்க மருந்தால் என்று எல்லோரும் பயந்தோம். அவர் முதல் நாள் இரவு ஏழு மணியிலிருந்து தேத்தண்ணி குடிக்கவில்லை, வழக்கமாக நாளுக்கு ஐந்து கோப்பை குடிப்பவர். இரவு குடிக்கலாம் என்றதும் தாதி ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார், போய்விட்டது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு வரும் தலையிடிகளில் ஒரு பங்கு இப்படிப்பட்டது என்று மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். இப்போதெல்லாம் பால் இல்லாத பிளேன்டீயைச் சத்திரசிகிச்சைக்கு இரண்டு மணித்தியாலம் முன்வரை அனுமதிக்கிற இடங்கள் உண்டு, ஆனால் அதை உங்களுக்கு மயக்க மருந்து தருகிற வைத்தியரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். நாளுக்கு எத்தனை கோப்பை குடிக்கிறீர்கள் என்பதை அவரிடம் சொல்லி வையுங்கள்.

கடந்த சஷ்டிக்கு நான் மூன்று வாரம் இறங்கி வந்தேன். அம்மா வரவில்லை. "கந்தனுக்குப் பிடிக்கிற விரதத்துக்கு நான் ஏன் தேத்தண்ணியோட பேரம் பேசோணும்" என்றார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. முதல் நாள் பகல் எனக்குத் தலையில் ஒரு பாரம் வந்தது, வலி என்று சொல்ல முடியாது. அம்மா பன்னிரண்டரைக்குப் படுத்தார்.

இரண்டாம் நாள் மழை. பின்னேரம் அவருடைய நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தபோது கண்ணைத் திறக்காமல் கேட்டார்: "உன்ட கணக்குப்படி இன்னும் எத்தின மணித்தியாலம் புள்ள?"

அம்மாவின் கடைசித் தேத்தண்ணி ஐந்து மணிக்கு. "கூட்டிப் பார்த்தா எட்டு மணி அம்மா. அதுக்குப் பிறகு இறங்கும்."

எட்டேகாலுக்கு எழும்பிப் போய்ச் சாமியறை விளக்கில் திரியைத் தூண்டிவிட்டு, பால் காய்ச்சியாச்சா என்று கேட்டார்.